பக்கத்துக் கவுன்டருக்கு வந்த பதவி உயர்வு

ஒரு சிறிய ஊரில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளையை எடுத்துக்கொள்வோம். மாலை நாலரை மணி. வெளிக்கதவைப் பாதி மூடியாயிற்று, கேஷ் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கிளார்க்கிலிருந்து அதிகாரியாக உயர்பவர்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அந்தக் கிளையில் தேர்வு எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நகைக்கடன் கவுன்டரில் இருக்கும் நாற்பதை நெருங்கும் பெண். இன்னொருவர் அவருக்குப் பக்கத்தில் கேஷில் உட்காரும் இளைஞர், அவரை ‘அக்கா’ என்று கூப்பிடுபவர். பட்டியலில் அக்காவின் பெயர் இருக்கிறது. தம்பியின் பெயர் இல்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் கிளையில் உள்ள எல்லாரும் அந்தப் பெண்ணிடம் வந்து ஏதாவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனாலும் அன்றிரவு வீட்டுக்குப் போய் யோசிக்கும்போது, சொன்னவற்றில் ஒன்றிரண்டு மட்டுமே அவருக்கு இனிக்கும். சில வார்த்தைகள் நெருடும். மற்றவை நினைவிலேயே இருக்காது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, குறிப்பாக அந்த இளைஞர் என்ன சொன்னால் அது மனதிலிருந்து வந்ததாகப் போய்ச் சேரும் என்பதைப் பார்க்கலாம். அவருடைய நிலைதான் எல்லாரையும்விடக் கடினமானது.

முதலில், நம் அலுவலகங்களில் வழக்கமாகக் காதில் விழுவதைக் கவனிப்போம். “ட்ரீட் எப்போ?” என்பதுதான் முதலாவது. கேட்பவர் சந்தோஷத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்தப் பெண் தான் ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்குள், அவர் பிறருக்குச் செய்ய வேண்டிய செலவுக்குப் பேச்சு போய்விட்டது. இரண்டாவது, “நான் அப்பவே சொன்னேன்ல?” இதில் பாராட்டு சொன்னவருடைய முன்னறிவுக்குப் போகிறது. “உங்களுக்கு நேரம் நல்லா இருக்கு” என்பதில் கிரகங்களுக்குப் போகிறது. “இனிமே எங்களையெல்லாம் கண்டுக்க மாட்டீங்க” என்பவர், இன்னும் செய்யாத ஒரு தப்புக்கு அவரைச் சமாதானம் சொல்ல வைக்கிறார். “மேன்மேலும் வளர வாழ்த்துகள்” என்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பிறந்தநாள், கிரகப்பிரவேசம், பணி ஓய்வு என எதற்கும் அதே வரி பொருந்தும் என்பதால், அவரிடம் சொன்னது போலவே இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்துவது அக்கறையாக வருகிற ஒரு கேள்வி: “எந்த ஊர்ல தூக்கிப் போடப் போறாங்களோ? புள்ளைங்க படிப்பு என்ன ஆகறது?”

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். கிளார்க்காக இருக்கும்வரை பெரும்பாலும் சொந்த மாநிலத்துக்குள், வீட்டுக்கு ஓரளவு பக்கத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம். அதிகாரி ஆனால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள். இதற்குப் பயந்தே தகுதி இருந்தும் தேர்வு எழுதாதவர்கள் ஏராளம். தேர்ச்சி பெற்ற பிறகு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாதா? விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வீட்டில் மாதக்கணக்கில் பேசித் தீர்த்த விஷயமாக இருக்கும். பட்டியல் வந்த பத்தாவது நிமிடத்தில் அதை எடுத்து முன்னால் வைத்தால் அவர் அனுபவித்திருக்க வேண்டிய பத்து நிமிடங்களும் பறிபோகின்றன. பிரச்சினையைப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அதைத் தொடங்க வேண்டியவர் அவர். நாளையோ, அடுத்த வாரமோ, ஆர்டர் கையில் வந்த பிறகோ அவரே பேசுவார். அப்போது உட்கார்ந்து கேட்டால் அது உதவி.

ஒரு நல்ல செய்திக்கு நாம் எப்படி எதிர்வினை காட்டுகிறோம் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதிர்வினைகளை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். ஆர்வத்தோடு மேலும் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று. “நல்லது, சந்தோஷம்” என்று புன்னகையோடு அமைதியாக விட்டுவிடுவது இரண்டாவது. அதில் உள்ள சிக்கல்களை எடுத்துப் போடுவது மூன்றாவது. கேட்காதது போல வேறு பேச்சுக்குப் போவது நான்காவது. உறவு நன்றாக இருப்பதோடு சேர்ந்து வந்தது முதல் வகை மட்டுமே. கவனிக்க வேண்டியது இரண்டாவது வகையை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வாழ்த்தத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அது நல்ல கணக்கில் சேரவில்லை. இந்த ஆய்வுகள் முக்கியமாகக் காதலர்கள், தம்பதிகள் போன்ற நெருங்கிய உறவுகளை வைத்து நடந்தவை. அலுவலக நட்புக்கு அப்படியே அளவெடுத்ததுபோல் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் ஒரு “கங்ராட்ஸ்” ஏன் வெறுமையாகத் தோன்றுகிறது என்பது இதிலிருந்து புரிகிறது. அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஜெயித்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இனி அந்த இளைஞரிடம் வருவோம்.

அவருக்கு வலிக்கிறது. இருவரும் ஒரே தேர்வை எழுதினார்கள். மதுரையில் யாரோ ஒருவர் தேர்வானால் இவ்வளவு வலித்திருக்காது. அக்காவின் மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் துளியும் வலித்திருக்காது, ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார். ஏப்ரஹாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது இந்த வேறுபாட்டைத்தான். ஜெயித்தவர் நமக்கு எவ்வளவு நெருக்கமானவர், ஜெயித்த விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியமானது, இந்த இரண்டும் கூடும்போதுதான் உறுத்தல் அதிகமாகிறது என்றார் அவர். 1980-இல் அவரும் ஜோனதன் ஸ்மித்தும் ஒரு சோதனை நடத்தினார்கள். மறைந்திருக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், மற்றவர் அதற்குக் குறிப்பு கொடுப்பார். எளிய குறிப்பையும் கொடுக்கலாம், கடினமானதையும் கொடுக்கலாம். இது வெறும் விளையாட்டு என்று சொன்னபோது மக்கள் நண்பர்களுக்கு எளிய குறிப்புகளைக் கொடுத்தார்கள். இது உங்கள் முக்கியமான திறமையை அளக்கும் தேர்வு என்று சொன்னபோது, முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்ததைவிடக் கடினமான குறிப்புகளை நண்பருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கெட்ட நண்பர்கள் அல்லர். பக்கத்தில் இருப்பவர், நமக்கு முக்கியமான ஒன்றில், நம்மைத் தாண்டிப் போவது மனிதர்களுக்கு அவ்வளவு சங்கடம்.

ஆகவே அந்த இளைஞர் தன் மனதில் உறுத்தல் இருப்பதைப் பார்த்துத் தன்னைக் கெட்டவன் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அது அடங்கும்வரை வாழ்த்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பொறாமையாகத் தெரிவது பெரும்பாலும் சொன்ன வார்த்தை அல்ல, சொல்லாமல் விட்ட நேரம். எல்லாரும் எழுந்து வந்து பேசும்போது பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் தலையைக் குனிந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தால் கிளை முழுக்கக் கவனிக்கும். அக்காவும் கவனிப்பார். மறுநாள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த ஒரு மாலை இடையில் நிற்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உறுத்தலை மறைக்க வேண்டும் என்று குரலை உயர்த்துவது. “அக்கா! சூப்பர்! உங்கள மாதிரி அறிவாளி இந்த ஜோன்லயே கிடையாது!” என்று கூட்டத்தின் நடுவே கத்துவது. கேட்கிற அந்தப் பெண் அவருடைய நிலையை அறிந்தவர். தம்பிக்குக் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் அவருக்கும் உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் வானளாவப் புகழ்ந்தால் நடிப்பாகத் தெரிவது மட்டுமல்ல, தம்பியைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். “சும்மா இரு தம்பி, உனக்கு அடுத்த தடவை கண்டிப்பா வரும்” என்று அவர் சொல்ல வேண்டியதாகிவிடும். வாழ்த்து வாங்க வேண்டியவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் அவர் என்னதான் செய்யலாம்? பட்டியல் வந்தவுடன் எழுந்து போய் ஒரே வரி: “அக்கா, வாழ்த்துகள். பேரைப் பார்த்தேன்.” இப்போதைக்கு அது போதும். கூட்டத்தில் அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. கேஷ் டாலி ஆகி, மேலாளரோடு சேர்ந்து பெட்டகத்தைப் பூட்டி, கிளம்புகிற நேரத்தில் இரண்டு நிமிடம் தனியாகக் கிடைக்கும். பேச வேண்டியதை அப்போது பேசலாம்.

“அக்கா, ஆடி மாசம் நகைக்கடன் கூட்டம் அலைமோதுச்சே, அப்பகூட மதியம் ரெக்கார்டு ரூம்ல டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுட்டு சர்க்குலர் படிச்சுட்டிருந்தீங்க. அதை நான் தினமும் பார்த்தேன். இன்டர்வியூல என்ன கேட்டாங்க?”

இந்த மூன்று வரிகளையும் பிரித்துப் பார்ப்போம். முதல் வரியில் பெயரடை ஒன்றுகூட இல்லை. ‘கடின உழைப்பாளி’ என்று சொல்லவில்லை, உழைப்பு நடந்த இடத்தையும் நேரத்தையும் சொல்கிறார். ‘அறிவாளி’, ‘திறமைசாலி’, ‘உழைப்பாளி’ எல்லாம் யாருக்கும் ஒட்டவைக்கக் கூடிய சொற்கள். ரெக்கார்டு ரூமும் டிபன் பாக்ஸும் சர்க்குலரும் அவர் ஒருவருக்கே உரியவை. அதோடு, இந்த ஜெயிப்பு நேரத்தாலும் கிரகத்தாலும் வந்ததல்ல, இன்னின்ன செய்ததால் வந்தது என்பதும் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. இரண்டாவது வரி, அவர் அதைக் கண்ணால் பார்த்த சாட்சி என்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மட்டுமே தரக்கூடியது இது. மண்டல மேலாளர் போனில் வாழ்த்தினாலும் இதைத் தர முடியாது. மூன்றாவது, ஒரு கேள்வி. கேபிளின் ஆய்வில் முதல் வகை என்று சொன்னது இதைத்தான். ஜெயித்த எல்லாருக்கும் தங்கள் இன்டர்வியூவைச் சொல்ல ஆசை இருக்கும். குழுவில் யார் இருந்தார்கள், எந்தக் கேள்வியில் தடுமாறினேன், எதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்கள் என்றெல்லாம். கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை, ட்ரீட் பற்றிய பேச்சு முந்திக்கொள்கிறது.

கேள்வி கேட்டபின் ஒரு எச்சரிக்கை தேவை. அவர் சொல்லத் தொடங்கியதும், “எனக்கும் அதேதான் கேட்டாங்க, நான் என்ன சொன்னேன்னா…” என்று திரும்பிவிட்டால் எல்லாம் பாழ். அடுத்த தேர்வுக்கு அவரிடம் குறிப்புகள் வாங்கிக்கொள்ளும் ஆசையும் அன்றைக்கு வேண்டாம். அடுத்த வாரம் தாராளமாகக் கேட்கலாம், அவரே மகிழ்ந்து சொல்வார், பழைய நோட்டுகளையும் கொடுப்பார். ஆனால் அந்த இரண்டு நிமிடம் அவருடையது.

தனக்குக் கிடைக்காததைப் பற்றி அந்த இளைஞர் பேசலாமா, கூடாதா? பலரும் பேசவே கூடாது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் எழுதியதும் பட்டியலில் பெயர் இல்லாததும் அக்காவுக்குத் தெரிந்திருக்கும்போது, அதைத் தொடாமல் பேசினால் இருவருக்கும் நடுவில் ஒரு கனம் இருந்துகொண்டே இருக்கும். அதைச் சொல்லிவிடுவதே இறக்கி வைக்கும் வழி. ஆனால் எங்கே, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாழ்த்தும் கேள்வியும் முடிந்து, அவர் பேசியதைக் கேட்ட பிறகு, கடைசியில், ஒரே வாக்கியமாக: “எனக்கு வரலைங்கறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு அக்கா, ஆனா உங்களுக்கு வந்ததுல எனக்கு நிஜமாவே சந்தோஷம்.” இரண்டும் உண்மை, அதனால் இரண்டும் நம்பும்படி இருக்கும். இதையே முதல் வாக்கியமாக வைத்தால் புலம்பலாகிவிடும். “என்ன மார்க் போட்டாங்கன்னே தெரியல, சிபாரிசு இல்லாதவனுக்கு எங்க…” என்று நீட்டினால், அவர் பெற்றதும் சிபாரிசால்தானோ என்ற சந்தேகத்தை அவர் காலடியில் போட்டதாகிவிடும். தேர்வு முறையில் உண்மையிலேயே குறை இருந்தால் அதற்குச் சங்கம் இருக்கிறது, மேல்முறையீட்டு வழி இருக்கிறது. வாழ்த்தும் வேளையில் அதைக் கொண்டுவரக் கூடாது.

இவ்வளவு யோசித்தால் வாயே திறக்க முடியாதே என்று சிலருக்குத் தோன்றும். அந்தப் பயம்தான் பலரைச் சம்பிரதாய வாக்கியத்துக்குத் தள்ளுகிறது. சரியாகச் சொல்லத் தெரியாது, ஏதாவது தப்பாகிவிடும், அதனால் எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிடுவோம் என்ற எண்ணம். எரிகா பூத்பி, வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் போய் அவர்களிடம் பிடித்த ஒன்றைச் சொல்லிப் பாராட்டும்படி ஆட்களை அனுப்பினார்கள். போகிறவர்கள், தாங்கள் பேசுவது சங்கடமாக இருக்கும், கேட்பவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். கேட்டவர்கள் சொன்னதோ வேறு. அவர்கள் கணித்ததைவிட இவர்கள் அதிகமாக மகிழ்ந்திருந்தார்கள், தொந்தரவும் அவ்வளவு உணரவில்லை. சொல்பவர் தன் வார்த்தை எப்படி வந்தது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறார், கேட்பவர் அவ்வளவாக அதைக் கவனிப்பதில்லை. ஆகவே தடுமாறிச் சொன்ன ரெக்கார்டு ரூம் வாக்கியம், தங்குதடையின்றி வந்த ‘மேன்மேலும் வளர’ வாக்கியத்தைவிட மேல்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டலக் குழுவில் முதல் ஆள் ‘வாழ்த்துகள்’ என்று போட்டதும் கைதட்டல் படங்களும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அதில் நம் பெயர் இல்லாவிட்டால் கவனிக்கப்படும் என்பதால் போட்டுவிடலாம், தப்பில்லை. அதுவே வாழ்த்தியதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு. வேறு கிளைக்காரர், நேரில் பார்க்க வழியில்லாதவர் என்றால் குழுவுக்கு வெளியே தனியாக இரண்டு வரி எழுதலாம். அதிலும் நாம் பார்த்த ஒன்று வேண்டும்: “போன வருஷம் எங்க கிளைக்கு டெபுடேஷன்ல வந்தப்ப, ஓய்வூதியம் வாங்க வந்த பெரியவர் கைரேகை பதியாம தவிச்சாரே, அவரை உட்கார வச்சு வேலையை முடிச்சுட்டுத்தான் சாப்பிடப் போனீங்க. பட்டியல்ல உங்க பேரைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.” இதற்குப் பதிலாக ஒரு கும்பிடு மட்டுமே வந்தாலும், அந்தச் செய்தியை அவர் வீட்டில் காட்டுவார்.

மேலதிகாரி உயர்ந்தால் கதை வேறு. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை வாழ்த்தும்போது எந்தப் புகழ்ச்சியும் காரியத்துக்காக என்று தோன்றிவிடும். அங்கே பொன்னாடையும் பெரிய சொற்களும் குறையக் குறைய நல்லது. அவரிடம் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். “ஒரு வவுச்சரைப் பாஸ் பண்ணும்போது எதை முதல்ல பார்க்கணும்னு நீங்கதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க” என்பது எந்தக் கவிதையையும்விட அவருக்குப் பிடிக்கும். இளையவர் உயர்ந்து, மூத்தவர் வாழ்த்த வேண்டி வந்தால் அறிவுரைதான் ஆபத்து. “பதவி வந்துட்டா தலைக்கனம் வரக்கூடாது” என்று தொடங்குகிற வாழ்த்தை நம் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறோம். தலைக்கனம் இன்னும் வரவில்லையே, வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

பிரிவுபசாரக் கூட்டம் வந்தால் அங்கேயும் இந்த இளைஞரைப் பேசச் சொல்வார்கள். அதற்குள் உத்தரவு வந்திருக்கும், ஊரும் தெரிந்திருக்கும். முன்னே பேசியவர்கள் எல்லாரும் ‘இன்முகம்’, ‘பொறுமை’, ‘வாடிக்கையாளரின் தோழி’ என்று முடித்திருப்பார்கள். அவர் ஒரே ஒரு நாளைச் சொன்னால் போதும். அப்ரைசர் வராத அன்று வெளியில் நின்ற கூட்டத்தை அக்கா எப்படிச் சமாளித்தார், யாரை முதலில் உள்ளே கூப்பிட்டார், கோபப்பட்டவரிடம் என்ன சொன்னார் என்று நடந்தது நடந்தபடி. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. அங்கே தன் தோல்வியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது இருவருக்கும் நடுவில் ஏற்கெனவே பேசி முடிந்தது, சபைக்கு உரியதல்ல.

அந்த மாலை எழுந்து போக முடியாமலேயே போய்விட்டவர்களும் இருப்பார்கள். பட்டியல் வந்து இருபது நாளாகிவிட்டது, இப்போது போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குவார்கள். இவ்வளவு தாமதமாக ‘வாழ்த்துகள்’ என்று மட்டும் சொன்னால் விட்டுப்போன கணக்கைத் தீர்ப்பதுபோல் இருக்கும். வேலைப்பளு, உடம்பு சரியில்லை என்று காரணம் தேடினால் அவர் நம்ப மாட்டார், நம்பியதுபோல் காட்டிக்கொள்வார். டீ குடிக்கும் நேரத்தில் போய் நேராகச் சொல்லிவிடலாம்: “அக்கா, அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். எனக்கு வரலைன்னு மனசு சரியில்ல, அதான் வரலை. நீங்க மதியத்துல உட்கார்ந்து படிச்சதை நான் பார்த்திருக்கேன். இன்டர்வியூ எப்படி இருந்துச்சு, யாருகிட்டயாவது முழுசாச் சொன்னீங்களா?”